கூடையில் ஏன் மறுபடியும் கத்தரிக்காய்?

வாரம் ஒருமுறை பண்ணையிலிருந்து இயற்கைக் காய்கறிக் கூடை வாங்கும் வீடுகளில், இரண்டாம் மாதம் ஆனதும் ஒரு கேள்வி தவறாமல் எழும். "போன வாரமும் கத்தரிக்காய், இந்த வாரமும் கத்தரிக்காயா?" கேட்பவர்மேல் குற்றமில்லை. கடையில் காய் வாங்கிப் பழகியவருக்கு, வேண்டியதைச் சொன்னால் வந்துவிட வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் சனிக்கிழமை காலை வாசலில் வைக்கப்படும் அந்தக் கத்தரிக்காய்க்கு விதை போட்டு ஏறக்குறைய நூறு நாள் ஆகியிருக்கும். நாற்றங்காலில் முப்பது, முப்பத்தைந்து நாள். பிறகு வயலில் நட்டு முதல் காய் பறிக்க இரண்டு மாதம். காய்க்கத் தொடங்கிவிட்டால் அந்தச் செடி இரண்டு மூன்று மாதம் விடாமல் காய்க்கும். ஆகவே கூடையில் இந்த வாரம் என்ன வரும் என்பதைத் தீர்மானிக்கும் நாள் மூன்று மாதத்துக்கு முன்பே கடந்துவிட்டது.

ஒரு பண்ணை தன்னைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு நேரடியாகக் காய்கறி கொடுப்பதில் கடினமான வேலை பூச்சியை விரட்டுவதோ வண்டி ஓட்டுவதோ அல்ல. நாற்பது சமையலறைகளின் வாரத் தேவையையும் மண்ணின் நாள்கணக்கையும் ஒன்றோடொன்று பொருத்துவதுதான். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், எந்தப் பண்ணையின் கூடைக்குச் சந்தா கட்டலாம், அந்தப் பண்ணையிடம் என்ன கேட்கலாம் என்பது தானாக விளங்கும்.

முன்பணம் கட்டும் வழக்கம்

வீடுகள் சேர்ந்து ஒரு பண்ணையோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் முறை ஜப்பானில் 1970களில் வலுப்பெற்றது. இச்சிராகு தெருவோ என்பவர் முன்னின்று 1971இல் தொடங்கிய ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் இந்த உறவைத் 'தெய்கெய்' என்று அழைத்தது. கைகோத்து இணைந்து செயல்படுவது என்பது அந்தச் சொல்லின் பொருள். அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் இதே போன்ற முறையைத் தொடங்கின. அங்கே உறுப்பினர்கள் பருவம் தொடங்கும் முன்பே பணம் கொடுத்து, விளைச்சலில் ஒரு பங்கைப் பெற்றார்கள். விளைந்தால் எல்லாருக்கும் விளைந்தது, மழை கெடுத்தால் எல்லாருக்கும் குறைந்தது.

நம் ஊர்களில் பெரும்பாலும் மாதச் சந்தாவாக இது நடக்கிறது. வடிவம் வேறானாலும் அடிப்படை ஒன்றுதான். விதை போடும்போதே சாப்பிடப் போவது யார் என்று விவசாயிக்குத் தெரிந்திருக்கும். சந்தையில் விற்பவர் விளைந்த பிறகு விலை தேடுகிறார். கூடை கொடுப்பவர் வீடுகளை எண்ணிப் பார்த்து விதைக்கிறார்.

நாற்பது வீட்டுக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டுப் பக்கம் கிணற்றுப் பாசனம் உள்ள இரண்டு ஏக்கர் பண்ணை. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் நாற்பது வீடுகள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வாரக் கூடையில் இரண்டு கட்டுக் கீரை, அரைக் கிலோ வெண்டை, அரைக் கிலோ கத்தரி, முக்கால் கிலோ தக்காளி, சுரை, புடலை, பீர்க்கு ஆகியவற்றில் ஒன்று, முள்ளங்கியோ வாழைக்காயோ கிழங்கோ ஒன்று, கூடவே கொஞ்சம் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கீரை. நாற்பது வீட்டுக்கு எண்பது கட்டு. ஒரு கட்டு கால் கிலோ என்றால் வாரம் இருபது கிலோ. வேரோடு பிடுங்கும் சிறுகீரையோ முளைக்கீரையோ நன்றாக வந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கிடைக்கும். அழுகல், பூச்சி, முளைக்காத இடம் எல்லாவற்றையும் சேர்த்து 25 சதுர மீட்டர் பாத்தி ஒன்று வாரத்துக்கு வேண்டும். அதாவது அரை சென்டுக்குச் சற்று அதிகம்.

ஒரு பாத்தி மட்டும் இருந்தால் மாதம் ஒரு வாரம்தான் கீரை வரும். எல்லா வாரமும் வர ஐந்து பாத்திகள் வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பாத்தியில் விதைத்து வர வேண்டும். முதல் ஞாயிறு விதைத்த பாத்தியில் பாதியை 24ஆம் நாள் புதன்கிழமையும், மீதியை 27ஆம் நாள் சனிக்கிழமையும் பிடுங்கிவிடலாம். பிறகு அந்தப் பாத்தி எருவோடு ஒரு வாரம் ஆறப் போடப்பட்டு, 35ஆம் நாள் மறுபடி விதை வாங்கும். எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் நான்கு பாத்திகள் வெவ்வேறு வயதில் பச்சையாக இருக்கும், ஒன்று வெறுமையாக இருக்கும். மொத்தம் மூன்று சென்ட் நிலம்தான். ஆனால் ஒரே ஒரு ஞாயிறு விதைக்கத் தவறினால், நான்காவது வாரம் நாற்பது வீட்டிலும் கீரை இருக்காது. அந்த இடைவெளியை எந்த உரத்தாலும் அடைக்க முடியாது.

வெண்டைக்குக் கணக்கு வேறு. வாரம் இருபது கிலோ வேண்டும். விதைத்து 45 நாளில் பறிப்பு தொடங்கும். ஆறு வாரம் நன்றாகக் காய்க்கும். இரண்டடி வரிசை, ஓரடிச் செடி இடைவெளியில், இயற்கை முறையில் ஒரு செடியிலிருந்து அந்த ஆறு வாரத்தில் கால் கிலோ எதிர்பார்க்கலாம். வாரத்துக்குச் சராசரியாக நாற்பது கிராம். அப்படியானால் ஐந்நூறு செடி போதும் என்று தோன்றும். ஆனால் செடி சராசரியாகக் காய்ப்பதில்லை. முதல் வாரம் கொஞ்சம், மூன்றாம் நான்காம் வாரங்களில் கொட்டும், பிறகு இறங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரு வாரம் வெண்டை மிஞ்சி முற்றும், இன்னொரு வாரம் வெண்டையே இராது. ஆகவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை முந்நூறு செடி என்று விதைப்பார்கள். ஒரு தொகுதி இறங்கும்போது அடுத்தது ஏறும். எந்த நேரத்திலும் இரண்டு தொகுதி, அதாவது அறுநூறு செடி, காய்ப்பில் இருக்கும். தேவைக்கு மேல் நான்கு கிலோ கையிருப்பு. மழையோ பூச்சியோ எடுத்துக்கொள்ளும் பங்கு அது.

வெண்டை இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. அதை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். விட்டால் நார் ஏறி முற்றிவிடும், முற்றிய காய் செடியில் நின்றால் புதுக் காய் பிடிப்பதும் குறையும். திங்கள்கிழமை பறித்த வெண்டையைச் சனிக்கிழமைவரை வைத்துக் கொடுக்க முடியாது. அதனால்தான் நன்றாக நடக்கும் பண்ணைகள் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் கொடுக்காமல், பாதி வீடுகளுக்குப் புதன், பாதி வீடுகளுக்குச் சனி என்று பிரித்துக்கொள்கின்றன. வீட்டுக்காரரின் வசதிக்காக மட்டும் போட்ட ஏற்பாடு அல்ல அது. வெண்டைச் செடி கேட்கும் ஏற்பாடு.

மே மாதமும் ஐப்பசி மாதமும்

வருடத்தில் இரண்டு காலங்கள் கூடையைச் சோதிக்கும். ஒன்று கோடை. இரவிலும் வெப்பம் இறங்காத நாட்களில் தக்காளி பூக்கும், ஆனால் பூ பிஞ்சாகாமல் உதிரும். அந்த நேரத்தில் சமவெளிப் பண்ணையின் கூடையில் தக்காளி குறையத்தான் செய்யும். கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை, முருங்கைக்காய், வெள்ளரி ஆகியவைதான் கோடையைத் தாங்கும்.

மற்றொன்று வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் மழை நாள்கணக்கில் நின்று பெய்தால் கீரை விதை அடித்துச் செல்லப்படும். முளைத்த கன்று அழுகும். வளர்ந்த கீரையின் இலையெல்லாம் சேறு தெறித்துக் கிடக்கும். தக்காளி வெடிக்கும். இதற்கு மாற்று வழி மழை வந்த பிறகு தேடுவதில் இல்லை. ஆனியில் சாம்பல் பூசணி விதைத்தால் மூன்று மாதத்தில் முற்றிய காய் கிடைக்கும். அதை மழைக்கு முன் பறித்து, காற்றோட்டமான இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாமல் வைத்தால் இரண்டு மாதம் கெடாது. சித்திரை, வைகாசியில் ஊன்றிய சேனையும் சேப்பங்கிழங்கும் மழை முடியும் நேரத்தில் தோண்டத் தயாராகும். வாழையிலிருந்து காயும் பூவும் தண்டும் வரும். அடைமழை வாரத்துக் கூடையில் பூசணியும் வாழைத்தண்டும் வந்தால், அந்த விவசாயி ஆனியிலேயே ஐப்பசியை நினைத்தவர் என்று அறியலாம்.

எவ்வளவு திட்டமிட்டாலும் ஒரு வாரம் மழையில் கூடை பாதியாகலாம். அப்போது என்ன செய்வது என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. எடை குறைந்ததற்கு அடுத்த மாதம் ஈடு செய்வதா, குறைந்ததைக் குறைந்ததாகவே ஏற்பதா? எதுவாக இருந்தாலும் மழைக்கு முன்பே இரு பக்கமும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பண்ணைக்காரர் மனம் தடுமாறி ஒரு தவறு செய்துவிட நேரும்.

நம்பிக்கை எங்கே உடைகிறது?

அந்தத் தவறு, காலியான கூடையை மொத்தச் சந்தையில் வாங்கி நிரப்புவது. ஒரே ஒரு வாரம்தானே என்று தொடங்கும். கூடையில் கேரட், பீன்ஸ், கோஸ் இருந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் செங்கல்பட்டில் கேரட் விளையாது. அது ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளின் குளிரில் வளர்வது. காலிஃபிளவரைச் சமவெளியில் பனிக்காலத்தில் மட்டுமே நன்றாக விளைவிக்க முடியும். சமவெளிப் பண்ணை ஒன்று ஆண்டு முழுவதும் எல்லாக் காயும் தருகிறது என்றால், சில காய்கள் வேறு எங்கிருந்தோ வருகின்றன என்றுதான் பொருள். வேறு இயற்கைப் பண்ணையிலிருந்து வாங்கிக் கொடுப்பது தவறே அல்ல. எந்தக் காய் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் போதும். சொல்லாமல் கொடுப்பதுதான் தவறு.

புழு அரித்த ஓட்டை இருந்தால் மருந்தடிக்காத காய் என்று பலர் நம்புகிறார்கள். அது சான்று ஆகாது. மருந்தடித்த தோட்டத்திலும் கத்தரியில் புழு இருக்கும். இயற்கைத் தோட்டத்திலும் கவனமாகப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான காய் ஓட்டையில்லாமல் வரும். கத்தரியில் தண்டு, காய்த் துளைப்பான் நுழைந்ததும் நுனிக்கொழுந்து வாடித் தொங்கும். அந்த நுனியை அன்றே கிள்ளி அழித்தால் உள்ளேயிருக்கும் புழுவும் போய்விடும். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் தாய் அந்துப்பூச்சி எப்போது வருகிறது என்று தெரியும். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டித் தெளித்தால் பூச்சி இலையைத் தின்னத் தயங்கும். ஆனால் இரசாயன மருந்துபோல அடித்தவுடன் கொல்லாது. அதனால்தான் இயற்கைத் தோட்டத்தில் தினமும் செடிகளுக்கு நடுவே நடந்து பார்ப்பது தெளிப்பதைவிடப் பெரிய வேலை. பண்ணைக்குப் போகும்போது கத்தரி வரிசையில் வாடிய நுனிகள் அப்படியே தொங்குகின்றனவா, கிள்ளிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ் சொல்லாத ஒன்றை அது சொல்லும்.

சான்றிதழ் என்ன சொல்லும்?

இந்தியாவில் இரண்டு வகைச் சான்று உண்டு. ஒன்று ஏற்றுமதிக்கும் செல்லும் தேசியத் திட்டத்தின் சான்று. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுத் துறை இதற்கான ஆய்வைச் செய்கிறது. இன்னொன்று விவசாயிகள் ஐந்து பேராவது சேர்ந்து குழுவாகி, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதிசெய்யும் பங்கேற்பு முறைச் சான்று. சிறு பண்ணைக்குச் செலவு குறைவு என்பதால் கூடைப் பண்ணைகளுக்கு இரண்டாவது பொருந்தும்.

இரண்டிலும் 'மாறும் காலம்' என்று ஒன்று உண்டு. இரசாயனத்தை நிறுத்திய மறுநாளே நிலம் இயற்கை நிலமாகிவிடாது. தேசியத் திட்டத்தின்படி காய்கறி போன்ற ஒருபோகப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு கழிந்திருக்க வேண்டும். ஆகவே பண்ணையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "சான்று இருக்கிறதா?" என்பதைவிட, "கடைசியாக இந்த நிலத்தில் யூரியா போட்டது எந்த வருடம்?" என்பதே. "போன வருடம், இப்போது மாறும் காலத்தில் இருக்கிறோம்" என்று சொல்பவரை நம்பலாம்.

சிறிய பண்ணைக்குச் சட்டம் ஒரு சலுகையும் தருகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017இல் கொண்டுவந்த விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உற்பத்தியாளர் சாப்பிடுபவருக்கு நேரடியாக விற்கும்போது சான்றிதழிலிருந்து விலக்கு அளிக்கின்றன. ஆனால் அவர்கள் 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் போட்டுக்கொள்ளக் கூடாது. நம் நாற்பது வீட்டுப் பண்ணையில் கூடை 500 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்கு 48 வாரத்தில் 9 லட்சத்து 60 ஆயிரம். விலக்கின் எல்லைக்குள் வருகிறது. எனவே முத்திரை இல்லை என்பதால் ஏமாற்று என்று முடிவுகட்ட வேண்டாம். முத்திரைக்குப் பதிலாக அங்கே இருக்க வேண்டியது திறந்த வாசல்.

பறித்த பிறகு

பறிப்பு விடியற்காலையில் நடக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு பிடுங்கிய கீரை வாசல் வருவதற்குள் துவண்டுவிடும். கீரையையும் வெண்டையையும் கழுவி அனுப்பக் கூடாது, ஈரம் தங்கினால் அழுகும். முள்ளங்கியின் இலையை ஒட்ட நறுக்க வேண்டும், இலை கிழங்கின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பறித்ததைச் சில மணி நேரம் வைக்க டில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த எளிய அறை ஒன்று உண்டு. இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் மணல், மணலைக் காலையும் மாலையும் தண்ணீரால் நனைக்க வேண்டும், அவ்வளவுதான். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். மின்சாரம் தேவையில்லை. காற்றில் ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் மட்டும் அதன் பலன் குறையும்.

வீட்டுக்கு வந்த பிறகு கூடையைச் சமைக்கவும் ஒரு வரிசை உண்டு. முதல் நாள் கீரை. இரண்டாம் மூன்றாம் நாளில் வெண்டை, முள்ளங்கி. பிறகு கத்தரி, தக்காளி, கொடிக்காய். கடைசியில் கிழங்கு, வாழைக்காய், பூசணி. இந்த வரிசையில் சமைத்தால் ஏழாம் நாள் எறிவதற்கு எதுவும் மிஞ்சாது. கூடையை நிறுத்திவிடும் வீடுகள் பலவற்றில் உண்மையான காரணம் விலையல்ல. ஐந்தாம் நாள் குளிர்பெட்டியில் கண்ட அழுகிய கீரைக் கட்டுதான்.

அறிவிப்பில் இருக்க வேண்டியது

பண்ணை தன்னைச் சுற்றியுள்ள வீடுகளுக்குத் தரும் அறிவிப்பு மேலே சொன்ன கணக்கிலிருந்தே பிறக்க வேண்டும். "நஞ்சில்லா உணவு, நலமான வாழ்வு" என்ற தலைப்பு எந்தப் பண்ணைக்கும் பொருந்தும், அதனால் எதையும் சொல்லாது. "இந்த மண்ணில் விளைந்தது மட்டும்: வாரம் நான்கு கிலோ, புதன் அல்லது சனி" என்று தலைப்பிட்டால் படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். அதன் கீழே ஊர், நிலத்தில் இரசாயனம் நிறுத்திய ஆண்டு, எந்த மாதத்தில் எந்தக் காய் வரும், எந்தக் காய் எப்போதும் வராது, வெளியிலிருந்து வாங்கினால் எப்படிக் குறித்துக் காட்டப்படும், மழையில் குறைந்தால் என்ன ஏற்பாடு ஆகியவை இருந்தால் போதும்.

விடுப்புக்கான விதியும் மண்ணிலிருந்துதான் வரும். மே மாதம் பத்து வீடுகள் ஊருக்குப் போகும் என்று முதல் நாள் சொன்னால், அந்த வாரத்து இருபது கட்டுக் கீரை ஏற்கெனவே முளைத்து நிற்கிறது. நான்கு வாரம் முன்பே சொன்னால் அந்த ஞாயிறு கீரை விதையைக் குறைத்துப் போடுவார்கள். ஆகவே "விடுப்பை நான்கு வாரம் முன்பே தெரிவிக்கவும்" என்று ஒரு பண்ணை எழுதியிருந்தால் அதைக் கறார் என்று எண்ண வேண்டாம். கீரைக்கு வேண்டிய நாளை எண்ணி எழுதியது அது.

சேர்வதற்கு முன் பண்ணைக்காரரிடம் "என்னென்ன காய் தருவீர்கள்?" என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கு எவரும் பதில் சொல்லிவிடலாம். "இந்த வாரம் என்ன விதைத்தீர்கள்?" என்று கேளுங்கள். விதைப்பவர் யோசிக்காமல் சொல்வார்: ஞாயிறு சிறுகீரை, செவ்வாய் முந்நூறு வெண்டை, கத்தரி நாற்று இன்னும் பத்து நாளில் பிடுங்கலாம். அந்தப் பதில் காதில் விழுந்த பிறகு, மூன்று மாதம் கழித்துக் கூடையில் மறுபடியும் கத்தரிக்காய் வரும்போது, அது எப்போது கிளம்பியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.